இடப்பக்கம் படம், வலப்பக்கம் குரல்

என் அண்ணனுக்குச் சுங்கை சிப்புட்டில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. கிரில் கதவு, வாசல் கேட், லாரிக்குப் பக்கத் தடுப்பு என்று எது வந்தாலும் செய்து கொடுப்பார். அவருடைய நண்பர் ஒருவர், செம்பனைப் பழ லாரி ஓட்டியவர், இனிப்புநீர் நோயால் ஒரு காலை இழந்து சக்கர நாற்காலிக்கு வந்தபோது, அவர் வீட்டு வாசற்படிக்காக அண்ணன் அலுமினியத்தில் ஒரு சாய்பலகை செய்தார். நடுவில் கீல் வைத்து, பெட்டியைப் போல மடித்துக் கையில் தூக்கிப் போகிற மாதிரி. அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் இரண்டொருவர் கேட்டார்கள். கோயிலுக்கு வந்த ஒருவர் கேட்டார். "இத விக்கலாம்போல" என்று அண்ணனுக்குத் தோன்றியது அப்படித்தான்.

விற்க வேண்டுமென்றால் ஒரு வீடியோ வேண்டும். பலகையைப் பார்த்ததுமே எல்லாருக்கும் அது ஏதோ மடக்கு மேசை என்றுதான் பட்டது. விரித்து, வைத்து, ஒருவர் ஏறிக் காட்டினால்தான் புரியும். கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு பெண்ணை அண்ணன் பேசி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"நீதான் ஞாயிறு பேப்பர்ல கதையெல்லாம் எழுதுறியே. ஒரு ஒன்றரை நிமிசத்துக்குப் பேசுற மாதிரி எழுதிக் குடு. அந்தப் பொண்ணு படம் புடிச்சிரும்."

நான் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பகலெல்லாம் கடிதம் தட்டுவது, வார இறுதியில் கதை எழுதுவது. வீடியோவுக்கு எழுதியது கிடையாது. ஆனால் எழுதுவது எழுதுவதுதானே என்று நினைத்தேன். ஒரே மூச்சில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 'நான்கு சுவர்களுக்குள் முடங்கிப்போன உள்ளங்களுக்கு ஒரு புதிய விடியல்' என்று அது தொடங்கியது. படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

அந்த வீடியோப் பெண்ணை ஈப்போ பழைய பட்டணத்தில் ஒரு காப்பிக்கடையில் சந்தித்தேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். என் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். வெள்ளைக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்குக்கா. ஆனா இதுல நான் எத எடுக்கிறது?"

"எதன்னா?"

"விடியல்னு சொல்றீங்க. அந்த நேரத்துல திரையில என்ன இருக்கும்? சூரியனா?"

அவள் என் தாளைத் திருப்பி, பின்பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டாள். இடப்பக்கத் தலைப்பில் 'காட்சி' என்று எழுதினாள், வலப்பக்கத்தில் 'ஒலி'. பிறகு குறுக்கே கோடுகள் போட்டு வரிசை வரிசையாகப் பிரித்தாள்.

"இந்தப் பக்கம் கேமரா பாக்குறது மட்டும். யாரு இருக்காங்க, என்ன செய்றாங்க, கிட்டயா தூரமா, திரையில எழுத்து வந்தா அந்த எழுத்து. அந்தப் பக்கம் காதுக்குக் கேக்குறது மட்டும். உங்க குரல், பாட்டு, சத்தம். ஒரு வரிசைல இருக்குற ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும். படம் மாறுனா அடுத்த வரிசை. அவ்ளோதான்லா."

அவ்வளவுதான் என்று நானும் எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உட்கார்ந்து எழுதியபோது வலப்பக்கம் கடகடவென்று நிறைந்தது. இடப்பக்கம் ஏறக்குறைய வெறுமையாக நின்றது. 'தரமான தயாரிப்பு' என்ற சொல்லுக்கு எதிரே என்ன போடுவது? 'எளிதில் பயன்படுத்தலாம்' என்பதற்கு எதிரே? 'பலகையைப் பயன்படுத்துகிறார்' என்று எழுதி அனுப்பினேன். அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அக்கா, பயன்படுத்துறார்னா எப்படி? கை எங்க போவுது? மொதல்ல எத தொடுறாரு?"

எனக்குத் தெரியவில்லை. வாழ்வை மாற்றும் கருவி என்றெல்லாம் எழுதிவிட்டிருந்தேனே தவிர, அந்தப் பலகையை நான் ஒரு தடவைகூடக் கையில் எடுத்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை பட்டறைக்குப் போனேன். பக்கத்து ரோட்டில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் ஒரு பலகையைக் கொண்டுவந்து பட்டறை வாசற்படி அருகே வைத்தார். நான் மடியில் தாளை வைத்துக்கொண்டு, அவர் கை செய்வதை மட்டும் எழுதினேன். கைப்பிடியைப் பிடித்துத் தூக்குகிறார். தரையில் பக்கவாட்டில் நிறுத்துகிறார். இரண்டு பாதிகளையும் விரிக்கிறார். மேல் விளிம்பு படியின் மேல் படியுமாறு தள்ளுகிறார். விளிம்பின் அடியில் ரப்பர் பட்டை இருக்கிறது, அது வழுக்காமல் பிடிக்கிறது. பக்கத்தில் தொங்கும் குட்டிச் சங்கிலியை எடுத்து, கிரில்லின் அசையாத கம்பியில் கொக்கியை மாட்டுகிறார்.

"இந்தச் சங்கிலி எதுக்குண்ணே?"

"நாற்காலி ஏறும்போது பலக பின்னால தள்ளும். ரப்பர் புடிக்கும், ஆனா மழைல படி நனைஞ்சிருந்தா? சங்கிலி மாட்டாம ஏறவே கூடாது. இது முக்கியம், எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். எதிர்ப்பக்கத்தில் குரலையும் எழுதினேன்: 'இப்போது அவர் பலகையை விரிக்கிறார்.' போனில் அனுப்பிய அதைப் பார்த்துவிட்டு வீடியோப் பெண், கண்ணால் பார்க்கிறதைக் குரல் திரும்பச் சொல்ல வேண்டாம், ஏன் என்பதைக் குரல் சொல்லட்டும் என்றாள். ஆகவே பலகை விரியும் வரிசையில் 'ஒரு கையால் தூக்கும் எடைதான்' என்று வந்தது. சங்கிலி வரிசையில், 'ஏறுவதற்கு முன் சங்கிலியைக் கம்பியில் மாட்டுங்கள். பலகை நகராது' என்று வந்தது. இதுமட்டும் சொல்லவும் வேண்டும், காட்டவும் வேண்டும் என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

முதல் வரிசையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 'நான்கு சுவர்களுக்குள்' வாசகத்தைச் சுருக்கி வலப்பக்கத்தில் வைத்தேன். இடப்பக்கத்தில், 'வாசலில் சக்கர நாற்காலியில் ஒருவர். முகம் நெருக்கத்தில். சோகமாக வெளியே பார்க்கிறார்' என்று எழுதினேன். கேமராவுக்குத் தெரிகிற முகம்தானே, விதிப்படி சரிதான் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

பிறகு அதைக் கணினியில் தட்டினேன். பத்திரிகையில் வருவதுபோல் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடமும் வலமும் நேராக வரும்வரை இடைவெளி விசையைத் தட்டித் தட்டிச் சரிசெய்தேன். என் திரையில் அது கச்சிதமாக இருந்தது. அவளுக்கு அனுப்பினேன்.

படப்பிடிப்பு, அண்ணனின் நண்பரான அந்த லாரிக்கார அண்ணனின் வீட்டில். பழைய தோட்டம் ஒன்று கைமாறியபோது அங்கிருந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் ஒரு படி, அதற்குக் கீழே சிமெண்டுத் தரை, அப்புறம் சாக்கடைப் பாலம், ரோடு. அவர் புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துத் தயாராக இருந்தார். அவர் மனைவி எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தார்.

வீடியோப் பெண் போனில் என் எழுத்துப்படியைத் திறந்து, வரிசையாக எடுத்துக்கொண்டு போனாள். முதலில் சோகம்.

"எப்படிப் பாக்கணும்?" என்று லாரிக்கார அண்ணன் கேட்டார்.

"வெளிய போக முடியலயேன்னு நெனச்சுக்கிட்டே பாருங்கண்ணே" என்றேன்.

அவர் உதட்டைக் கீழே இழுத்துக்கொண்டு பார்த்தார். அவர் மனைவி சிரித்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாலைந்து முறை எடுத்தும் சரிவரவில்லை. "செரி, இருங்க, லென்ஸ் மாத்துறேன்" என்று அந்தப் பெண் பையைக் குடைந்தாள். இன்னொரு கேமரா முக்காலியில் ஓடிக்கொண்டே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மற்றதெல்லாம் வேகமாக முடிந்தது. ஏறுகிற காட்சிக்கு, அண்ணன் கேமராவில் படாதபடி ஓரமாக நின்று, பலகை நகராமல் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். லாரிக்கார அண்ணன் சக்கரத்தை இரண்டு கையாலும் தள்ளி மேலே ஏறி, திண்டாடாமல் வீட்டுக்குள் போனார். கைதட்டினோம்.

அடுத்த ஞாயிறு பிற்பகல், தற்காலிகமாகக் கோத்த வீடியோவைப் பார்க்க மூவரும் என் வீட்டில் கூடினோம். குரலை நான் போனில் பதிவு செய்து அனுப்பியிருந்தேன். பலகை விரிகிறது, நன்றாக இருந்தது. விளிம்பு படியில் அமர்கிறது. அப்புறம் என் குரல், 'ஏறுவதற்கு முன் சங்கிலியைக் கம்பியில் மாட்டுங்கள்' என்கிறது. திரையில் லாரிக்கார அண்ணன் ஏறிக்கொண்டிருக்கிறார். சங்கிலி பக்கத்தில் சும்மா தொங்குகிறது.

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நிறுத்து, நிறுத்து. சங்கிலி மாட்டாம ஏறுறாரு! இதப் பாத்து எவனாவது ஏறி விழுந்தா?"

"மாட்டுற ஷாட் ஸ்கிரிப்டுல இல்லயேண்ணே" என்றாள் அந்தப் பெண்.

"நான் எழுதியிருக்கேன்" என்றேன்.

அவள் போனை எடுத்துக் காட்டினாள். என் கச்சிதமான பக்கம் அவளுடைய சின்னத் திரையில் சிதறிக் கிடந்தது. நான் இடைவெளி தட்டி நிறுத்திய வரிகள் எல்லாம் இடம் பெயர்ந்திருந்தன. சங்கிலிக் குரலுக்கு எதிரே ஏறும் காட்சி. சங்கிலி மாட்டும் காட்சி கீழே இறங்கி, பலகையை மடிக்கும் வரியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் அவள் மடித்த பலகையில் சங்கிலியைச் சுற்றி வைப்பதை அழகாக, மிக நெருக்கமாக எடுத்து வைத்திருந்தாள்.

"அன்னிக்கு நான்தானே கால வச்சு அழுத்திக்கிட்டு நின்னேன்" என்றார் அண்ணன் மெதுவாக. "நான் புடிச்சிக்கிட்டதால எனக்கே சங்கிலி ஞாபகம் வரல."

யார்மேலும் குறை சொல்ல முடியாத மாதிரி ஆகிவிட்டது. பல வருடங்களாக ஒப்பந்தங்களுக்கு அட்டவணை போட்டுத் தருகிறவள் நான். அட்டவணை என்றால் அலுவலகம், எழுத்து என்றால் வெற்றுப் பக்கம் என்று எனக்குள் ஏதோ பிரித்து வைத்திருந்திருக்கிறேன். அங்கேயே கணினியைத் திறந்து இரண்டு கட்டமுள்ள அட்டவணை போட்டேன். ஒரு காட்சிக்கு ஒரு வரிசை. இடக்கட்டத்தில் இரண்டு வரி கூடினால் வலக்கட்டமும் சேர்ந்து உயர்கிறது. ஒரு காட்சியின் குரல் அதன் படத்தைவிட்டு நகர வழியில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் எண் போட்டேன், 'அஞ்சாவது வரிசை' என்று சொன்னால் மூவருக்கும் ஒன்றே தெரியும்படி. ஒரு காட்சி இரண்டு பக்கங்களுக்கு நடுவே உடையாமலும் பார்த்துக்கொண்டேன்.

சங்கிலிக் காட்சியையும் ஏறும் காட்சியையும் திரும்ப எடுப்பது என்று முடிவானது. அப்போதுதான் அந்தப் பெண், "இன்னொண்ணு இருக்கு" என்று வேறொரு துண்டைப் போட்டாள்.

லென்ஸ் மாற்றிய இடைவெளியில் ஓடிய கேமரா பிடித்தது. லாரிக்கார அண்ணன் வாசலில் இருக்கிறார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். ரோட்டில் ஒரு லாரி போகிற சத்தம். அவர் தலை அந்தச் சத்தத்தோடு மெல்லத் திரும்புகிறது. கால் போன வலது தொடை கொஞ்சம் அசைகிறது, கீழே அழுத்த லாரியின் மிதி இருப்பதுபோல. அப்புறம் கையால் வேட்டியைச் சரிசெய்துகொள்கிறார். அவ்வளவுதான்.

அண்ணன் அதைத் திரும்பப் போடச் சொன்னார்.

"இதான் மொத ஷாட்" என்றார் அண்ணன் கடைசியில். "இதப் பாத்தா எல்லாரும் வாங்குவாங்க."

எனக்கும் அதே எண்ணம்தான். என் வலக்கட்ட வாசகத்தை அதற்கு எதிரே வைத்துப் பார்த்தோம். பொருந்தியது. பொருந்தியதுதான் எனக்கு உறுத்தியது. 'முடங்கிப்போன உள்ளங்கள்' என்ற சொல் அந்த மனிதரின் பக்கத்தில், ஒரே வரிசையில், அவருடைய பெயர்ப்பலகை மாதிரி உட்கார்ந்திருந்தது. தனித்தனியாக இருந்தபோது படமும் சொல்லும் ஒன்றையொன்று இப்படிக் கட்டிப்போடும் என்று எனக்குத் தெரியவில்லை.

"அவருகிட்ட காட்டிட்டுப் போடலாம்" என்றேன்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. நண்பனிடம் போய் இதைக் காட்டுவது அவருக்குச் சங்கடமாக இருந்தது. கடைசியில் நானும் அந்தப் பெண்ணும்தான் போனோம்.

லாரிக்கார அண்ணன் போனைக் கையில் வாங்கி, சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். மனைவி அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"இது எப்ப எடுத்தீங்க?"

அந்தப் பெண் சொன்னாள். தெரியாமல் பதிவானது, வேண்டாமென்றால் அழித்துவிடுகிறேன் என்றாள்.

"நல்லா எடுத்திருக்கம்மா. இதுல பொய் இல்ல" என்றார் அவர். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். "ஆனா இது என்னோடது. பலக விக்கிறதுக்கு இது வேணாம்."

"செரிண்ணே" என்றேன்.

"அழிக்காதீங்க. எனக்கு அனுப்பி வைங்க." பிறகு என்னைப் பார்த்து, "மொதல்ல சோகமா ஒண்ணு வேணும்னு ஏம்மா? நான் காலையில பேப்பர் வாங்கப் போவணும். படி தடுக்குது. அதுதான் என் சுசா, என் கஷ்டம். அதுக்குத்தானே உங்கண்ணன் இத செஞ்சாரு" என்றார்.

சரியென்று தலையாட்டினேன். ஆனால் அவர் சொன்னதோடு நான் முழுக்க உடன்பட்டதாகவும் சொல்ல முடியாது. அந்தத் துண்டைப் பார்த்த ஒருவர், தன் வீட்டிலிருக்கும் ஒருவரை வேறு கண்ணால் பார்த்திருப்பார் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. அதை ஒரு கதையில் எழுதலாம். பலகைக்கு மேல் ஒட்டி விற்க அது யாருடைய அனுமதியில் வரும் என்பதுதான் கேள்வி. அனுமதி தர வேண்டியவர் தரவில்லை.

அங்கேயே புது முதல் வரிசை எழுதினோம். இடக்கட்டம்: 'சக்கரமும் படியும் நெருக்கத்தில். முன்சக்கரம் உருண்டு வந்து படியின் விளிம்போடு நிற்கிறது. வெளியே ரோட்டுக்கு அப்பால் கடை.' வலக்கட்டத்துக்கு நான் இரண்டு மூன்று வாக்கியம் சொல்லிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை.

"காலியா விட்றலாமா?" என்று கேட்டேன்.

"காலியா விட்டா நான் மறந்துட்டீங்களோன்னு நெனப்பேன்" என்றாள் அந்தப் பெண். "குரல் இல்லன்னு எழுதுங்க. என்ன சத்தம் கேக்கணும்னு எழுதுங்க."

'குரல் இல்லை. சக்கரம் உருண்டு வந்து நிற்கும் ஒலி' என்று எழுதினேன். பல வருடங்களாக வாக்கியங்களை அடுக்கியவள், ஒன்றும் பேசாமலிருப்பதற்கு ஒரு கட்டத்தை நிரப்பியது அதுதான் முதல் தடவை.

மறுபடப்பிடிப்பில் அண்ணன் ஓரமாக நின்று பலகையைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். லாரிக்கார அண்ணன் வீட்டுக் கிரில்லின் அசையாத கம்பியில் அவர் மனைவி கொக்கியை மாட்டினார், கேமரா விரல்களுக்கு அருகில் போனது. பிறகுதான் ஏறும் காட்சி. அந்தப் பெண் ஒவ்வொரு வரிசையை முடித்ததும் எனக்குச் சைகை காட்டுவாள், நான் தாளில் ஒரு குறி போடுவேன்.

குரலைப் புதிதாகப் பதிவு செய்தோம். பட்டறையில் லாரிச் சத்தம், வீட்டில் மின்விசிறிச் சத்தம். கடைசியில் என் காரை நிழலில் நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வியர்க்க வியர்க்க உள்ளே உட்கார்ந்து பேசினேன். அதற்கு முன் போன் கடிகாரத்தை ஓடவிட்டு வலக்கட்டத்தை வாய்விட்டுப் படித்ததில், படத்தைவிடப் பேச்சு நீளமாக இருந்தது. 'மிகவும்', 'உண்மையிலேயே', 'உங்கள் அன்புக்குரிய' எல்லாம் போயின. எழுத்தில் கண்ணுக்கு உறுத்தாத சொற்கள், மூச்சு வாங்கும்போது எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று தெரிந்துவிடுகின்றன.

வீடியோ வெளியானது. பெரிதாக ஒன்றும் பரவவில்லை. சித்தியவானிலிருந்து ஒரு கோயில் கமிட்டிக்காரர் கேட்டார், ஈப்போவில் ஒரு கிளினிக் கேட்டது, சுற்றுவட்டாரத்தில் சில வீடுகள். அண்ணன் பட்டறையில் கிரில் வேலைக்கு நடுவே பலகை வேலையும் நடக்கிற அளவுக்கு வந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

சிலிம் ரிவரிலிருந்து ஒரு பெண் என்னைக் கூப்பிட்டார். அவர் கணவர் கொஞ்சம் கனமானவராம். வீடியோவை நன்றாகக் கவனித்துப் பார்த்திருக்கிறார். சங்கிலியைப் பற்றிச் சரியாகச் சொன்னார். பிறகு, "எல்லாம் புரியுது அக்கா. ஏறுறது காட்டிட்டீங்க. எறங்குறது எப்படி?" என்றார்.

நான் போனைப் பிடித்தபடியே அட்டவணையைத் திறந்து பார்த்தேன். வரிசைகள் எண்ணோடு, நேராக, ஒன்றுவிடாமல் இருந்தன. ஏறிய மனிதர் வீட்டுக்குள் போனதும் பலகையை மடித்துவிட்டிருந்தோம். அவர் மறுபடி வெளியே வருவார் என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. பேப்பர் வாங்கப் போவதே இறங்கித்தான் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அட்டவணை, இருப்பவற்றைத்தான் ஒன்றோடொன்று நிறுத்துகிறது. எழுதப்படாததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அண்ணனைக் கேட்டு, சிலிம் ரிவர் பெண்ணுக்குச் சொன்னேன்: பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, நாற்காலியைப் பின்பக்கமாக இறக்க வேண்டும், இறக்குகிறவர் கீழ்ப்பக்கம் நின்று மெல்ல மெல்லப் பின்னடி வைக்க வேண்டும். கனமானவர் என்றால் துணைக்கு இன்னொருவரும் வேண்டும். படி உயரமாக இருந்தால் நீளப் பலகைதான் சரி, அளந்து சொல்லுங்கள் என்றேன்.

அடுத்த வாரமே அதைப் படம் எடுத்தோம். இந்த முறை நான் இடக்கட்டத்தை மட்டும் எழுதி எடுத்துப் போயிருந்தேன். லாரிக்கார அண்ணன் முதுகு எங்கள் பக்கமாக வாசலில் வந்து நாற்காலியை நிறுத்தினார். அவர் மனைவி சங்கிலியை மாட்டிவிட்டுப் பலகையில் இறங்கி நின்று, நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பற்றினார்.

"புடிச்சிக்கிட்டியா?" என்றார் அவர், திரும்பிப் பார்க்க முடியாமல்.

"புடிச்சிருக்கேன், வாங்க" என்றார் மனைவி.

ஒவ்வொரு அடியாக இருவரும் இறங்கினார்கள். தரைக்கு வந்ததும் அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். கேமரா நின்றுவிட்டதா என்றுகூடக் கேட்கவில்லை. சாக்கடைப் பாலத்தைக் கடந்து கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அவர்கள் பேசிய அந்த இரண்டு வாக்கியங்களையும் அப்படியே வலக்கட்டத்தில் எழுதிக்கொண்டேன். என் குரலை அந்த வரிசையில் சேர்க்கவில்லை.